46 வயசுல எல்லாம் அப்படியே நின்னு போச்சு: இது நெருக்கடியா, இல்ல ஏதாவது சொல்ல வருதா?

ஒட்டன்சத்திரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பழைய உறுப்பினர்தான், ஆனா அதிகம் எழுதினதில்ல. 2004-ல ஒரு பொதுத்துறை வங்கியில விவசாய அலுவலரா சேர்ந்தேன், படிச்சது பி.எஸ்சி. அக்ரி. இப்ப ஸ்கேல் 3, திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு கிளைக்கு மேனேஜர். மனைவி டீச்சர். பையன் ப்ளஸ் டூ, பொண்ணு எட்டாவது. வீட்டுக்கடன் பாதிக்கு மேல கட்டியாச்சு. பெத்தவங்க நல்லா இருக்காங்க. வெளில இருந்து பாத்தா எந்தக் குறையும் இல்லாத மனுஷன்.

பிரச்சினை என்னன்னா, ஒரு ரெண்டு வருஷமா எதுவும் நகரல. கோபம் இல்ல, அழுகை இல்ல. காலைல கிளையத் திறக்கும்போதே சாயங்காலம் ஆறு மணிக்கு வர்ற கான்கால் ஞாபகம் வந்துடும். இன்னைக்கு எத்தனை இன்சூரன்ஸ், எத்தனை சேமிப்புக் கணக்கு, என்.பி.ஏ.ங்கற வராக்கடன் எவ்வளவு குறைஞ்சுது. பதில் சொல்லிட்டு வைப்பேன். மறுநாள் அதே கேள்வி.

போன மாசம் ஒரு பெரியவர் நகைக்கடனுக்கு வந்தார். அப்ரைசர் உரசிப் பாத்து எடை போட்டு சீட்டைத் தள்ளினார், நான் ஸ்கிரீன பாத்தே கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்து போகும்போது "என்ன சார், அடையாளம் தெரியலையா? எங்க கிணத்துல 80 அடில தண்ணி நிக்குதான்னு நீங்கதான கயிறு விட்டுப் பாத்தீங்க"ன்னார். 2006-ல நான் மோட்டார் கடன் கொடுத்த ஆள். முகத்தக்கூட நான் நிமிந்து பாக்கல.

விருப்ப ஓய்வு வாங்கிட்டு நாற்றுப் பண்ணை வைக்கலாமான்னு ராத்திரியெல்லாம் யோசனை. இது எல்லாருக்கும் இந்த வயசுல வர்ற நெருக்கடியா, தானா போயிடுமா? இல்ல வேலைய விடுன்னு சொல்ற அறிகுறியா? இதைக் கடந்து வந்தவங்க சொல்லுங்க.

ஷார்ஜா செல்வம்

அண்ணா, விருப்ப ஓய்வு வாங்குனா கைக்கு வர்ற பணத்த மூணு பங்கா பிரிங்க. ஒரு பங்கு பிக்சட், ஒரு பங்கு மியூச்சுவல் ஃபண்ட், ஒரு பங்கு நிலம். நாற்றுப் பண்ணையில எல்லாத்தையும் போட்டுடாதீங்க. ஆடு வளர்ப்பு பத்தியும் என்கிட்ட ஒரு பிராஜக்ட் ரிப்போர்ட் இருக்கு, வேணும்னா அனுப்புறேன்.

ஒட்டன்சத்திரத்தான்

நன்றி தம்பி. ஆனா நான் கேட்டது பணத்த எங்க போடறதுன்னு இல்ல.

சனீஸ்வரன் துணை

ராசி நட்சத்திரம் சொல்லுங்க சார். ரெண்டு வருஷமா தேக்கம்னா அஷ்டமச் சனியா இருக்க வாய்ப்பு அதிகம். இந்த நேரத்துல புதுத்தொழில் வேண்டாம். பெயர்ச்சி வரைக்கும் பொறுத்திருங்க.

பொருளியல் வாத்தியார்

சனியோ இல்லையோ, பொறுத்திருங்கன்னு சொன்னதுல விஷயம் இருக்கு. டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர்னு ஒரு பொருளாதார அறிஞர் நூத்துக்கும் மேற்பட்ட நாடுகளோட தரவுகளை வெச்சுப் பாத்திருக்கார். வாழ்க்கைத் திருப்தி இளவயசுல இருந்து மெல்ல இறங்கி 47, 48 வயசுல அடிமட்டத்தத் தொட்டு மறுபடி ஏறுது. பணக்கார நாடு, ஏழை நாடு ரெண்டுலயும் இதே வளைவுதான். 2012-ல சிம்பன்சி, ஒராங்குட்டான்களைப் பராமரிக்கறவங்ககிட்ட கேட்டு எழுதின ஆய்வுல குரங்குக்கும் நடுவயசுல இந்தப் பள்ளம் இருக்குன்னு சொன்னாங்க. அதனால சார், உங்களுக்கு 46. இன்னும் ரெண்டு வருஷத்துல தானா ஏறும். வேலைய விட்டுட்டு அந்த ஏத்தத்துக்கான பெருமைய நாற்றுப் பண்ணைக்குக் கொடுத்துடாதீங்க.

மூணு வேளை சமையல்

வாத்தியார் சார், குரங்குக்கு ஆறு மணி கான்கால் உண்டா?

வார்டு 7

நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுல வேலை பாக்கறேன். வாத்தியார் சொன்ன வளைவு உண்மைதான், ஆனா அத ஒரு தனி மனுஷனுக்கு ஜாதகம் மாதிரி வாசிக்க முடியாது. அது லட்சக்கணக்கான பேரோட சராசரி. பெரும்பாலும் ஒரே ஆளை முப்பது வருஷம் தொடர்ந்து பாத்து வரைஞ்சதில்ல, ஒரே நேரத்துல வேற வேற வயசுக்காரங்களைக் கேட்டு வரைஞ்சது. இறக்கமும் சின்னதுதான். அதுலயும் கடந்த பத்து வருஷமா இளைஞர்களோட மனநிலை பல நாடுகள்ல மோசமாயிட்டதால அந்த வளைவே அழியுதுன்னு அதே பிளாஞ்ச்ஃபிளவர் இப்ப எழுதறார். 48-ல ஏறும்னு காத்திருந்த ஆள் 52-லயும் அப்படியே உக்காந்திருக்கறத நான் வெளிநோயாளிப் பிரிவுல பாத்திருக்கேன்.

நடுவயசு நெருக்கடிங்கற பேச்சே 1965-ல எலியட் ஜாக்ஸ்ங்கற உளப்பகுப்பாய்வாளர் எழுதின கட்டுரைல இருந்து வந்தது. அவர் எடுத்துக்கிட்டது ஓவியர், இசைஞர், கவிஞர் மாதிரி கலைஞர்களோட வாழ்க்கைய. வங்கி மேனேஜர்களை இல்ல. பின்னால அமெரிக்காவுல சாதாரண ஜனங்களைக் கேட்டப்ப ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான் தனக்கு அப்படி ஒண்ணு வந்ததுன்னு சொன்னாங்க. அதுலயும் நிறைய பேர் காட்டின காரணம் வயசு இல்ல. விவாகரத்து, வேலை போனது, வீட்டுல ஒரு சாவு, இப்படி.

அதனால சார், நெருக்கடியா அறிகுறியான்னு தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி சிலது கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க.

காலைல எத்தனை மணிக்குத் தானா விழிப்பு வருது? குறட்டை உண்டா? சாப்பாடு, எடை எப்படி? குடி? லீவு போட்டு ஊருக்குப் போனா இந்தக் கனம் கூடவே வருதா, இங்கேயே நின்னுடுதா? கடைசியா நேரம் போனதே தெரியாம எதுல மூழ்கினீங்க? செத்துப் போனா தேவலைன்னு எப்பவாவது தோணுதா? கடைசிக் கேள்விக்கு இங்க பொதுவுல பதில் சொல்லணும்னு இல்ல, எனக்குத் தனிச்செய்தில சொல்லலாம். அப்படித் தோணினா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ்னு அரசாங்க எண், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க.

ஒட்டன்சத்திரத்தான்

கடைசிக் கேள்விக்கு இங்கேயே சொல்றேன் மேடம், அப்படித் தோணினதில்ல.

நாலு மணிக்கு விழிப்பு வந்துடுது, அப்புறம் தூக்கம் இல்ல. குறட்டை பயங்கரம்னு வீட்டுல சொல்றாங்க, பையன் தனி ரூமுக்குப் போயிட்டான். எடை ஏறியிருக்கு. குடி கிடையாது. சுத்த சைவம். மத்தியானம் மூணு மணிக்கு மேஜையில உக்காந்தபடியே கண்ணு சொக்குது.

லீவு விஷயம்தான் எனக்கே ஆச்சரியம். தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். முதல் ரெண்டு நாள் இங்க இருந்த மாதிரியேதான். மூணாவது நாள் மாப்பிள்ளை தோட்டத்துல சொட்டுநீர் சரியா வரலைன்னார். போய்ப் பாத்தேன். உப்புத் தண்ணி, சொட்டுவாய் எல்லாம் வெள்ளையா அடைச்சிருந்துது. ஃபில்டரைக் கழட்டிக் கழுவி, பக்கக் குழாய் முனை மூடியெல்லாம் திறந்து விட்டு அழுக்கு போற வரைக்கும் ஓட்டினோம். அப்புறம் அமிலம் கலந்து விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே வெச்சு, காலைல மறுபடி கழுவி விட்டோம். ஓரமா வாடிக்கிடந்த கடைசி வரிசைக்கும் தண்ணி போனதப் பாத்தப்பதான் டிபனே சாப்பிடலைங்கறது ஞாபகம் வந்துது. அன்னைக்கு மத்தியானம் கண்ணு சொக்கல.

வார்டு 7

இது முக்கியமான பதில். கடுமையான மனச்சோர்வுல இருக்கற ஒருத்தர் அந்தத் தோட்டத்துல நின்னிருப்பார், கையும் வேலை செஞ்சிருக்கும், ஆனா கடைசி வரிசைக்குத் தண்ணி போனது அவர தொட்டிருக்காது. உங்களைத் தொட்டிருக்கு. அதுக்காக மனச்சோர்வே இல்லன்னு நான் சொல்லல. நல்லது நடந்தா கொஞ்ச நேரம் தெளியற வகையும் உண்டு. அதனால மனச்சோர்வுக்கான அந்த ஒன்பது கேள்வித்தாளை நிரப்பிப் பாருங்க. கடைசி ரெண்டு வாரத்துல ஒவ்வொண்ணும் எத்தனை நாள் இருந்துதுன்னு கேக்கும், ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துல இருந்து மூணு மார்க். பத்து, பத்துக்கு மேல வந்தா டாக்டரைப் பாத்துடறது நல்லது. அது நோய்த் தீர்ப்பு இல்ல, டாக்டர்கிட்ட போகலாமா வேண்டாமான்னு சொல்ற தாள், அவ்வளவுதான்.

ஆனா அதுக்கும் முன்னாடி, குறட்டை, மத்தியானத் தூக்கம், எடை, சைவம் இந்த நாலும் ஒண்ணா வந்தா நான் முதல்ல உடம்பைத்தான் பாப்பேன். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், மூணு மாச சர்க்கரை, பி12. பி12 குறைஞ்சா மந்தம், மறதி, எதுலயும் ஒட்டாத நிலை எல்லாம் வரும். பால் தயிர் சாப்பிடற சைவக்காரங்களுக்கும் குறையறது உண்டு. குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதான்னு வீட்டம்மாவைக் கவனிக்கச் சொல்லுங்க. வருதுன்னா தூக்கப் பரிசோதனை பண்ணணும். ராத்திரி முழுக்க மூச்சுக்குத் திணறிட்டு பகல்ல "என் வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன"ன்னு கேட்டுட்டு இருக்கறவங்க நிஜமாவே இருக்காங்க. அர்த்தம் கேக்கறது தப்பில்ல. தூங்கி எழுந்து கேட்டா வேற பதில் வரும்.

மூணு வேளை சமையல்

அக்கா, எனக்கும் அதே நாலு மணிதான். வயசு 44. ஆனா எனக்குக் குறட்டை இல்ல. வியர்த்து நனைஞ்சு எழுந்திருக்கேன். தேதி முன்ன பின்ன ஆகுது, ஒரு மாசம் வரவே இல்ல. எதுக்குன்னு தெரியாம எரிச்சல், அப்புறம் எதுலயும் ஒட்டாம ஒரு வாரம். டிகிரி முடிச்சு ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல நாலு வருஷம் வேலை பாத்தவ நான். மாமனாருக்கு இப்ப மறதி நோய். ஒரே கேள்விய காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கேப்பார். வங்கி சாருக்காவது விருப்ப ஓய்வுன்னு ஒரு கதவு இருக்கு. நான் எதுல இருந்து விருப்ப ஓய்வு வாங்கறது?

வார்டு 7

தங்கச்சி, நீங்க சொன்னதுல ரெண்டு விஷயம் பின்னிக் கிடக்கு. வியர்வை, தேதி தள்ளறது, எரிச்சல் மூணும் மாதவிடாய் நிக்கறதுக்கு முன்னாடி வர்ற ஹார்மோன் ஏத்த இறக்கமா இருக்கலாம். 40-களோட நடுவுல ஆரம்பிச்சு சில வருஷம் இழுக்கும். மகப்பேறு டாக்டரைப் பாருங்க. வியர்வைக்கும் தூக்கத்துக்கும் மருந்து இருக்கு, உங்க உடம்புக்கு எது பொருந்தும்னு அவங்கதான் சொல்லணும். தைராய்டும் சேத்துப் பாத்துக்கங்க, ரெண்டும் ஒரே மாதிரி வேஷம் போடும்.

மாமனார் விஷயத்துக்கு என்கிட்ட மாத்திரை இல்ல. வாரத்துல ரெண்டு அரை நாள் வேற யாராவது அவரைப் பாத்துக்க வீட்டுல ஏற்பாடு ஆகுமா? இத நான் உங்ககிட்ட கேக்கக் கூடாது, உங்க வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும்.

மூணு வேளை சமையல்

கேட்டுப் பாருங்க. "ஆள் போட்டா யார் பாக்கறது"ன்னு பதில் வரும்.

பென்ஷன் பெரியவர்

ஒட்டன்சத்திரம் தம்பிக்கு. நான் வங்கியில் 36 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். மனத்தைப் பற்றி அம்மணி சொல்லட்டும், நான் கணக்கைச் சொல்கிறேன். விருப்ப ஓய்வு என்று பலர் வாயால் சொல்கிறார்களே தவிர, காகிதத்தில் போட்டுப் பார்ப்பதில்லை.

நீங்கள் 2010 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர், ஆகவே பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பீர்கள். 20 ஆண்டு முடிந்தால் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு கேட்கலாம். உங்களுக்கு 21 ஆண்டு ஆகிறது. விதிப்படி அதிகபட்சம் ஐந்து ஆண்டு கூட்டிக் கொடுப்பார்கள், ஆக 26. முழு ஓய்வூதியத்துக்கு 33 ஆண்டு வேண்டும், அப்போது கடைசிப் பத்து மாதச் சராசரி ஊதியத்தில் பாதி கிடைக்கும். உங்களுக்கு அந்தப் பாதியில் 33-க்கு 26 பங்கு. அதாவது ஊதியத்தில் ஏறக்குறைய 39 சதவீதம். 60 வரை இருந்தால் 50 சதவீதம்.

பரவாயில்லை, 11 சதவீதம்தானே என்று தோன்றும். இங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள். அந்த 39 சதவீதம் இன்றைய அடிப்படை ஊதியத்தின் மேல். வங்கியில் ஊதிய ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. வேலையில் இருப்பவர்களுக்கு ஊதியம் உயர்கிறது, ஓய்வு பெற்றவர்களின் அடிப்படை ஓய்வூதியத்தை அதோடு சேர்த்துத் திருத்துவதில்லை. பஞ்சப்படி மட்டும் ஏறும். அந்தத் திருத்தத்துக்காகத்தான் நாங்கள் இத்தனை காலம் கொடி பிடிக்கிறோம். ஆகவே 46-ல் வெளியே வருகிறவர் இன்றைய ஊதியத்தை வைத்துக்கொண்டு 80 வயது வரை ஓட வேண்டும். உங்கள் மகன் கல்லூரியில் நுழைகிற நேரம். வீட்டுக்கடனின் சலுகை வட்டியும் விருப்ப ஓய்வுக்குப் பின் தொடருமா என்று உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சர்வீஸில் இருந்துகொண்டே நாற்றுப் பண்ணை நடத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அனுமதியில்லாமல் வியாபாரம் செய்வது நடத்தை விதிக்கு விரோதம். மனைவி பெயரில் போட்டாலும் அறிவிக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரத்தான்

ஐயா, இத்தனை வருஷம் வங்கியில இருந்தும் இந்தக் கணக்கை நான் போட்டதே இல்ல. 39 சதவீதம்னு பாத்ததும் நெஞ்சு அடைச்சுது. அப்ப நான் இன்னும் 14 வருஷம் இந்த கான்கால்லேயே இருக்கணுமா?

பொருளியல் வாத்தியார்

அதத்தான் நானும் சொன்னேன், இருங்கன்னு.

வார்டு 7

வாத்தியாரே, நீங்க இருக்கச் சொன்னது வளைவு ஏறும்னு. பெரியவர் சொல்றது ஓய்வூதியத்துக்காக. ரெண்டும் ஒண்ணு இல்ல.

சார், உங்க முதல் பதிவை மறுபடி படிச்சேன். நீங்க எதைத் தேக்கம்னு சொல்றீங்கன்னு கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும். மேல போக இடமில்லாம நிக்கறது ஒண்ணு. செய்யற வேலைல புதுசா எதுவும் இல்லாம நிக்கறது இன்னொண்ணு. வீடு, சொந்தம், நட்பு, பொழுதுபோக்குன்னு எதை எடுத்தாலும் சப்புன்னு இருக்கறது மூணாவது. மூணாவதுன்னா நான் ரொம்பக் கவலைப்படுவேன். உங்ககிட்ட அது தெரியல. பதவி உயர்வு கிடைக்கலைன்னு ஒரு வார்த்தை கூட நீங்க எழுதல. எழுதினது பூரா கிணத்துல கயிறு விட்டது, சொட்டுநீர் அடைப்பு எடுத்தது. அக்ரி படிச்சு வயலுக்குப் போறதுக்காகச் சேர்ந்த ஆளுக்கு ஒவ்வொரு பதவி உயர்வும் வயல்ல இருந்து ஒரு படி தள்ளி உக்காந்த நாற்காலியா கிடைச்சிருக்கு. நெருக்கடியா அறிகுறியான்னு கேட்டீங்க. எனக்கு ரெண்டும் கலந்து தெரியுது. உடம்பு சரியில்லாததும் இருக்கு, வேலை மாறிப்போனதும் இருக்கு. வேலை மாறிப்போனதுன்னா வேலையவே விடணும்னு அர்த்தமில்ல.

பென்ஷன் பெரியவர்

அம்மணி சொன்ன பிறகுதான் எனக்கு உறைக்கிறது. தம்பி, ஆர்செட்டி ஏன் யோசிக்கவில்லை?

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிராமத்து இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி கொடுக்கும் நிலையம் அது, மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கு. நடத்துவது வங்கிதான். கர்நாடகத்தில் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய ருட்செட்டியைப் பார்த்துப் பிறகு நாடு முழுக்க வந்தது. தங்கி, சாப்பிட்டு, இலவசமாகப் படிக்கலாம். காளான், பால் மாடு, தையல், செல்போன் பழுது, நாற்றங்கால் என்று பாடம். பயிற்சி முடிந்த பின் அவர்கள் கடன் வாங்கித் தொழில் தொடங்கினார்களா என்று இரண்டு ஆண்டு பின்தொடர வேண்டும். அதன் இயக்குநராக வங்கி தன் அதிகாரி ஒருவரையே அனுப்புகிறது. கிராமக் கடன் அனுபவமும் பேசத் தெரிந்த வாயும் இருப்பவரைத் தேடுவார்கள். என் நண்பர் ஒருவர் கடைசிக் காலத்தில் அங்கே இருந்தார். கிளையில் இருந்தபோது மாத்திரை போட்டுத் தூங்கியவர், அங்கே போய் ஆடு வளர்ப்புக்கு வந்த பையன்களோடு கொட்டகையில் நின்றுகொண்டிருப்பார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் இலக்கு உண்டு. எத்தனை பேட்ச், எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்று கேட்பார்கள். பதவி உயர்வு நேர்காணலில் "எத்தனை கோடி டெபாசிட் கொண்டு வந்தாய்" என்றால் உங்களிடம் பதில் இருக்காது. ஸ்கேல் 4 கனவு இருந்தால் அது தள்ளிப் போகும். இடம் காலியானால்தான் சுற்றறிக்கை வரும், உங்கள் மாவட்டத்திலேயே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஷார்ஜா செல்வம்

நானும் என் கதைய சொல்லிடறேன். 43 வயசுல திடீர்னு எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கு வந்து ஹோட்டல் போட்டேன். அன்னைக்கு எனக்கும் இதே மாதிரி எதுவும் நகரலன்னு ஒரு உணர்வு. ஹோட்டல் ஒரு வருஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஹோட்டல்லயும் அதே உணர்வு வந்துடுச்சு, கூடவே கடனும். திரும்ப ஷார்ஜா. இங்க சாயங்காலம் பசங்களுக்கு கிரிக்கெட் சொல்லித் தர்றேன், அதுலதான் ஏதோ பரவாயில்ல. அண்ணனோட கதை வேறயா இருக்கலாம், எனக்குத் தெரியல.

பொருளியல் வாத்தியார்

செல்வம் சொன்னது நல்ல உதாரணம். ஜான் ஸ்டூவர்ட் மில்ங்கற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தனக்கு 20 வயசுல வந்த இருட்டைப் பத்தித் தன் வரலாறுல எழுதியிருக்கார். நாட்டுல தான் விரும்பற சீர்திருத்தம் எல்லாம் இந்த நிமிஷமே நடந்துட்டா நீ சந்தோஷமா இருப்பியான்னு தன்னையே கேட்டுப் பாத்தார். இல்லன்னு உள்ளிருந்து பதில் வந்துது. குறிக்கோள் கிடைக்காததால இல்ல, கிடைச்சாலும் ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதால வந்த சோர்வு. 20 வயசுலயே அது வரும்னா வயசு மேல பழி போடறது கஷ்டம்தான், அதுவரைக்கும் வார்டு மேடம் சொல்றத ஒத்துக்கறேன். ஆனா நாற்றுப் பண்ணை ஓடி லாபமும் வந்துட்டா, அதுக்கப்புறம் என்னன்னு சாரும் கேட்டுப் பாக்கணும் இல்லையா?

ஒட்டன்சத்திரத்தான்

வாத்தியார் கேள்விய ரெண்டு ராத்திரி வெச்சுப் பாத்தேன். பண்ணை ஓடி லாபம் வந்துட்டா அப்புறம் எனக்கு என்ன வேணும்னு கேட்டா, யாராவது வந்து "தக்காளி நாத்து வேர் அழுகுது, என்ன செய்ய"ன்னு கேக்கணும், நான் போய்ப் பாக்கணும். அதுக்கு லாபம் தேவையே இல்லன்னு தோணுது. பெரியவர் ஆர்செட்டின்னு சொன்னது ஏன் உள்ள குத்துச்சுன்னு அப்பதான் விளங்குச்சு.

நிலவரம் சொல்றேன். ரத்தப் பரிசோதனை வந்துடுச்சு. தைராய்டு சரி. சர்க்கரை எல்லைல நிக்குது. பி12 ரொம்பக் குறைவு, ஊசி ஆரம்பிச்சிருக்கு. கேள்வித்தாள் பத்துக்கு ஒண்ணு மேல வந்துது, அதையும் டாக்டர்கிட்ட காட்டினேன். இப்பவே மனச்சோர்வு மருந்து வேண்டாம், முதல்ல பி12-ஐ ஏத்துவோம், தூக்கப் பரிசோதனை பண்ணுவோம், ஆறு வாரம் கழிச்சு அதே தாளை மறுபடி நிரப்பிட்டு வாங்கன்னார். தூக்கப் பரிசோதனைக்கு இன்னும் தேதி கிடைக்கல. மூச்சு நிக்குதுன்னு வீட்டுல உறுதியா சொல்றாங்க, செல்போன்ல பதிவு பண்ணியும் காட்டினாங்க. கேக்கவே பயமா இருக்கு.

ஊசிக்கு அப்புறம் மத்தியான மந்தம் கொஞ்சம் தேவல. ஆனா ஆறு மணி கான்கால் அதேதான், அதுல ஒரு மாத்தமும் இல்ல.

வார்டு 7

அந்தக் கடைசி வரியக் குறிச்சு வெச்சுக்கங்க சார். சிகிச்சைக்கு அப்புறம் உங்க வாழ்க்கைல எதெல்லாம் லேசாகுதோ அது உடம்போட பங்கு. எது அசையாம அப்படியே நிக்குதோ அதுக்கு மருந்துக்கடையில எதுவும் கிடைக்காது. ஆறு வாரம், முடிஞ்சா தூக்கச் சிகிச்சையும் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் போகட்டும். அதுவரைக்கும் விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதாதீங்க. மச்சான் தோட்டத்துக்கு ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை போங்க, வங்கிக்கு லீவுதானே. நாத்து போடறது, விக்கறது, வாங்கினவன் மறுபடி வந்து திட்டறது வரைக்கும் ஒரு பட்டம் முழுசா கூட நில்லுங்க. தட்டுல விதை போட்ட அன்னைக்கு இருக்கற சந்தோஷத்த நம்பாதீங்க. மழை பெஞ்சு யாரும் நாத்து வாங்க வராத வாரத்துலயும் அங்க போகணும்னு தோணுதான்னு பாருங்க.

பென்ஷன் பெரியவர்

தோட்டத்தில் கை கொடுக்கலாம். பங்கு, கையெழுத்து, பில் புத்தகம் எதிலும் உங்கள் பெயர் இருக்கக் கூடாது.

சனீஸ்வரன் துணை

ஆக மொத்தம் எல்லாரும் பொறுத்திருக்கத்தான் சொல்றீங்க. நானும் அதத்தான் சொன்னேன்.

மூணு வேளை சமையல்

நீங்க ரத்தப் பரிசோதனை சொல்லலையே சாமி.

என் விஷயம்: டாக்டரைப் பாத்தேன். ஹார்மோன் மாத்தம்தான்னு சொன்னாங்க, மருந்து எழுதியிருக்காங்க, வியர்வை குறைஞ்சிருக்கு. நாலு மணிக்கு எழுந்திருக்கறது நின்னுடுச்சு, இப்ப அஞ்சரை. மாமனார் மட்டும் மாறல. பழைய ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலைய வீட்டுல இருந்தே பண்ணித் தர முடியுமான்னு கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டேன், வீட்டுல இன்னும் சொல்லல. யார் பாத்துக்கறதுங்கற சண்டை அப்ப வரும். வரட்டும்.

ஒட்டன்சத்திரத்தான்

பெரியவருக்கு ஒரு கேள்வி. மண்டல அலுவலகத்துல விசாரிச்சேன். பக்கத்து மாவட்ட ஆர்செட்டில இயக்குநர் அடுத்த வருஷம் ஓய்வு பெறறார், சுற்றறிக்கை வரலாம்னு சொன்னாங்க. வீட்டுல பேசினேன். பையன் ப்ளஸ் டூ முடிக்கற வரைக்கும் வேண்டாம், அதுக்கப்புறம் உங்க இஷ்டம்னு சொல்றா. ஸ்கேல் 4 போயிடுமேன்னு அவளுக்கு வருத்தம் இருக்கு, எனக்கு அவ்வளவா இல்ல. அங்க இருக்கற வருஷங்களும் ஓய்வூதிய சர்வீஸ்ல சேருமா?

பென்ஷன் பெரியவர்

சேரும். நீங்கள் அப்போதும் வங்கி ஊழியர்தான், சம்பளமும் வங்கி கொடுப்பதுதான். விண்ணப்பிக்கும்போது 2004-லிருந்து பார்த்த கிராமக் கிளைகளையும் வயல் ஆய்வு அனுபவத்தையும் தேதியோடு எழுதுங்கள். கிளை வியாபார எண்ணிக்கையை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. சுற்றறிக்கை வருவதற்குள் ஒருமுறை அந்த நிலையத்துக்கே போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள்.

புதுக்கோட்டை 2011 பேட்ச்

இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். ஐயா, நான் 2011-ல சேர்ந்தவன், என்.பி.எஸ்.ங்கற புது ஓய்வூதியத் திட்டத்து ஆள். வயசு 41. எனக்கும் இதே நிலைமைதான். நீங்க சொன்ன 33-க்கு 26 கணக்கு எனக்குப் பொருந்துமா?

பென்ஷன் பெரியவர்

பொருந்தாது தம்பி. உங்களுக்கு ஓய்வூதியமே வேறு வழியில் வருகிறது, முன்கூட்டி வெளியே வந்தால் பணத்தில் பெரும்பங்கை, ஓய்வூதியம் போலத் தவணையாகத் தொகை தரும் ஆன்யுட்டியில் போடச் சொல்வார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே எழுதினால் குழம்பும். அதற்கு முன் அம்மணி கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு வாருங்கள். குறட்டை உண்டா?

புதுக்கோட்டை 2011 பேட்ச்

இல்லங்க. ஆனா சாயங்காலம் தினமும் ரெண்டு பெக்.

வார்டு 7

தனிச்செய்தி அனுப்பியிருக்கேன், பாருங்க.